எமோஜியும் படப்பலகையும்: பேச்சு தடைப்பட்டவருக்கு முதல் பலகை செய்யும் முறை

பக்கவாதத்தால் பேச்சு தடைப்பட்ட ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், அவரோடு பேச வழி தேடும் இளையவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது கைபேசியைத்தான். வாட்ஸ்அப்பில் சிரிக்கும் முகம், அழும் முகம், தண்ணீர்த் துளி, சோற்றுக் கிண்ணம் என்று எல்லாமே இருக்கின்றனவே, அவற்றைத் தொட்டுக் காட்டச் சொன்னால் போதாதா என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. சிலர் அந்தப் படங்களையே பெரிதாக்கி, ஜெராக்ஸ் கடையில் வண்ணப் பிரதி எடுத்து, லேமினேஷன் செய்து கட்டிலருகே மாட்டியும் விடுகிறார்கள். அக்கறையோடு செய்யப்படும் இந்தத் தாள் சில நாள்களிலேயே யாரும் தொடாத ஒன்றாகிவிடுகிறது. அதைவிடக் கெடுதலாக, "அப்பாவுக்குப் படம்கூடப் புரியவில்லை" என்ற தவறான முடிவுக்கும் குடும்பத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. புரியாமல் போனதற்குக் காரணம் பல நேரங்களில் அவருடைய மூளை அல்ல, நாம் தேர்ந்தெடுத்த படமும் அதை வைத்த விதமும்தான்.

படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, தொட்டுக் காட்டிப் பேச உதவும் படப்பலகை பல வகையினருக்குப் பயன்படுகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குச் செய்யும் பலகை வேறு, ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் செய்வது வேறு. இந்தக் கட்டுரை ஒரே ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது: பக்கவாதத்தால் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு, அஃபேசியா என்னும் மொழியிழப்பு ஏற்பட்ட பெரியவர். வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழும், அறுபதைக் கடந்த விவசாயி ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வலது கை விழுந்துவிட்டது, இடது கையால் சுட்ட முடிகிறது. சொல்ல வேண்டியது மனத்தில் இருக்கிறது, ஆனால் சொல் வாய்க்கு வருவதில்லை. வந்தாலும் வேறொரு சொல்லாக வந்துவிடுகிறது.

இரண்டும் பிறந்த இடம்

இன்று நாம் பயன்படுத்தும் எமோஜிகளின் முன்னோடிகளுள் மிகவும் அறியப்பட்ட தொகுப்பு, 1999-இல் ஜப்பானிய கைபேசி நிறுவனமான என்டிடி டோகோமோ தன் வாடிக்கையாளர்களுக்குத் தந்த 176 சிறு படங்கள். எழுத்தால் மட்டும் அனுப்பும் குறுஞ்செய்தியில் குரலின் ஏற்ற இறக்கமும் முகக்குறிப்பும் தெரியாமல் போவதை ஈடுசெய்வது அவற்றின் வேலைகளுள் ஒன்றாக இருந்தது. 2010-இல், கணினிகளும் கைபேசிகளும் எழுத்துகளுக்குப் பொதுவாகப் பின்பற்றும் யூனிகோடு தரநிலை எமோஜிகளுக்கு எண்களை ஒதுக்கியது; அதன் பிறகு உலகம் முழுவதும் அவை பரவின. "நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன்" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிரித்த முகத்தைப் போடுகிறோம். அந்த முகத்தை நீக்கினாலும் செய்தி அப்படியே நிற்கும். சொற்களை நீக்கிவிட்டு முகத்தை மட்டும் விட்டால், யார், எப்போது, எதில் வருகிறார் என்று எதுவுமே மிஞ்சாது.

படப்பலகையின் வரலாறு வேறு திசையில் தொடங்குகிறது. சார்லஸ் பிளிஸ் என்பவர் உலகப் பொதுமொழியாக வேண்டும் என்று கருதி உருவாக்கிய குறிகளை, 1971-இல் கனடாவின் டொரன்டோ நகரில், மூளை முடக்குவாதத்தால் பேச முடியாத குழந்தைகளுக்கு ஷெர்லி மெக்நாட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பின்னர் 1981-இல் அமெரிக்காவில் ராக்ஸானா மேயர் ஜான்சன் என்ற பேச்சுப் பயிற்சியாளர் எளிய கோட்டோவியங்களால் ஆன மற்றொரு தொகுப்பை வெளியிட்டார். இந்தத் தொகுப்புகளை ஆக்கியவர்கள் எதிர்கொண்ட கேள்வி ஒன்றுதான்: சொல்லே இல்லாத இடத்தில் படம் எப்படிச் சொல்லாக நிற்கும்? அதனால்தான் 'கொடு', 'இன்னும்', 'எங்கே', 'வேறு' ஆகியவற்றுக்கெல்லாம் அங்கே குறிகள் உள்ளன. எமோஜியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தும், ஒரு மனிதர் தன் நாளைக் கடத்தத் தேவையான 'வேண்டும்', 'போதும்', 'கொடு' ஆகியவற்றுக்கு அங்கே நிலையான படம் கிடையாது. முகங்களும் பொருள்களுமே அதில் நிறைந்திருக்கின்றன.

எமோஜியின் பொருள் நழுவும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூக்கருகே நீர்க்குமிழி தொங்கும் முகம் ஒன்று உள்ளது. ஜப்பானியச் சித்திரக்கதைகளில் அந்தக் குமிழிக்கு உறக்கம் என்று பொருள். யூனிகோடு அதற்கு வைத்த பெயரும் தூக்க முகம் என்பதே. நம் ஊரில் அதைப் பார்ப்பவர்கள் அழுகை என்றோ சளி என்றோதான் எடுத்துக்கொள்கிறார்கள். அரட்டையில் இதனால் பெரிய நட்டம் ஒன்றும் வராது, பக்கத்திலேயே சொற்கள் இருக்கும். தூக்கம் வருகிறது என்று காட்ட விரும்பிய நோயாளிக்கு, அழுகிறார் என்று எண்ணி ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால், அவர் தூங்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மேலும், யூனிகோடு தருவது எண்ணையும் பெயரையும்தான். படத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. 2016-இல் ஆப்பிள் நிறுவனம் துப்பாக்கி எமோஜியைத் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியது. அதே செய்தி வேறு கைபேசிகளில் சில காலம் உண்மைத் துப்பாக்கியாகவே தெரிந்தது. மகனின் கைபேசியில் பழகிய படம் மருமகளின் கைபேசியில் வேறாக இருந்தால், மொழியை இழந்து மீண்டும் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது புதுப் படமாகவே தோன்றும்.

துளியைத் தொட்டவர் கேட்டது என்ன?

நம் எடுத்துக்காட்டு விவசாயியின் வீட்டில் முதலில் கைபேசி எமோஜிகளையே பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஜூன் மாதப் பிற்பகுதி. மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வரும் பேச்சு ஊரெங்கும் நடக்கிறது. அவர் தண்ணீர்த் துளியைத் தொடுகிறார். மனைவி டம்ளரில் தண்ணீர் கொண்டுவருகிறார். அவர் தலையை அசைத்து டம்ளரை ஒதுக்கிவிட்டு மீண்டும் துளியைத் தொடுகிறார். வெந்நீர் கொண்டுவருகிறார்கள், மோர் கொண்டுவருகிறார்கள். மூன்றாம் முறை அவர் கைபேசியைத் தள்ளிவிட, "கோபம் அதிகமாகிவிட்டது, படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவாகிறது.

அவர் கேட்க நினைத்தது, கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா, குறுவைக்கு நாற்று விட்டாயிற்றா என்பது. ஒரு துளிக்குள் குடிநீரும் ஆற்றுநீரும் சேர்ந்திருந்ததால் அவரால் பிரித்துக் காட்ட முடியவில்லை. கேள்வி கேட்கிறேன் என்று சொல்ல அந்தத் திரையில் வழி இல்லை. "நீங்கள் நினைப்பது அல்ல, நான் சொல்ல வந்தது இங்கே இல்லவே இல்லை" என்று சொல்லவும் வழி இல்லை. நல்ல பலகை இந்த மூன்று குறைகளையும் முதலிலேயே அடைத்துவிட வேண்டும்.

நான்காவதாக ஒரு குறையும் உண்டு, அது எளிதில் கண்ணில் படாது. கைபேசியின் எமோஜி விசைப்பலகையில், அடிக்கடி பயன்படுத்தியவை முன்னுக்கு வந்து நிற்கும். நேற்று முதல் வரிசையில் இருந்த துளி இன்று இரண்டாம் வரிசையில் இருக்கும். நமக்கு அது வசதி. சுட்டுவதற்கே முயற்சி தேவைப்படும் ஒருவருக்கோ, கை தானாகப் போய் நிற்கும் இடம்தான் பாதி நினைவு. வீட்டில் மின்விசிறியின் ஸ்விட்சை இருட்டிலும் தடவிப் போடுகிறோமே, அதுபோலப் படத்தின் இடம் கைக்குப் பழக வேண்டும். இடம் மாறும் பலகையில் அது ஒருபோதும் பழகாது.

முதற்படி: அவரால் என்ன முடிகிறது என்று பார்த்தல்

படங்களைத் தேடுவதற்கு முன் சில சோதனைகள் வேண்டும். முதலில் அவருடைய கண்ணாடியை எடுத்து மாட்டிவிடுங்கள். மருத்துவமனைப் பையிலேயே அது கிடப்பதை அடிக்கடி காண்கிறோம். அடுத்து, மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இரு கண்களிலும் பார்வையின் வலப்பாதி தெரியாமல் போகலாம். சாப்பிடும்போது தட்டின் வலப்பக்கச் சோறு அப்படியே மிஞ்சுகிறதா என்று கவனியுங்கள். மிஞ்சினால் பலகையை அவருடைய இடப்பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும், முக்கியமான கட்டங்களையும் இடப்பக்கத்தில் அமைக்க வேண்டும்.

பிறகு 'ஆம்', 'இல்லை' இரண்டும் நம்பத்தக்கனவாக உள்ளனவா என்று பாருங்கள். அஃபேசியா உள்ளவர்கள் 'இல்லை' என்று எண்ணிக்கொண்டே 'ஆம்' எனத் தலையசைப்பது உண்டு. விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்விகளைக் கேளுங்கள்: "நாம் இருப்பது தஞ்சாவூரா?", "இது உங்கள் வீடா?", "நான் உங்கள் தம்பியா?" பத்துக் கேள்விகளில் ஆம் வர வேண்டியவையும் இல்லை வர வேண்டியவையும் சமமாகக் கலந்திருக்கட்டும். பெரும்பாலும் ஆம் என்றே பதில் வந்தால், தலையசைப்பை இப்போதைக்கு முடிவாகக் கொள்ளக் கூடாது. பலகையில் இரண்டு கட்டங்களைத் தனியே வைத்துப் பழக்க வேண்டும்.

இங்கே ஒரு பிரிவைச் சொல்லியாக வேண்டும். நாவும் உதடும் தளர்ந்து பேச்சு குழறுகிறது, ஆனால் படிப்பதும் எழுதுவதும் முன்போலவே இருக்கின்றன என்றால் அது அஃபேசியா அன்று. அவருக்குப் படப்பலகையைவிட எழுத்துப் பலகையே பொருந்தும். 247 எழுத்துகளையும் எழுத வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 கட்டங்கள் போதும். 'க்' தொட்டு 'ஆ' தொட்டால் 'கா' என்று வாசித்துக்கொள்ளலாம். எந்த நிலை என்று பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் ஒருமுறையாவது காட்டித் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாம்படி: சொற்களைத் திரட்டுதல்

இந்தப் படியில்தான் நேரம் செலவிட வேண்டும். பலரும் தண்ணீர், சோறு, கழிப்பறை, மருந்து என்று நான்கு தேவைகளை எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த பலகை, பராமரிப்பவருக்கு வசதியான பலகை. பேசுபவருக்கு அதில் பேச எதுவும் இல்லை. இரண்டு நாள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, காலையில் எழுந்தது முதல் இரவு வரை அவர் எதற்கெல்லாம் கை காட்டினார், எப்போது முகம் சுளித்தார், யார் வந்தபோது ஏதோ சொல்ல முயன்றார் என்று குறித்து வையுங்கள். நோய்க்கு முன் அவர் அதிகம் எதைப் பற்றிப் பேசினார் என்பதையும் எழுதுங்கள். நம் விவசாயியின் நோட்டில், திண்ணைக்கு வந்த பக்கத்து வயல்காரரிடம் வடக்கே கை காட்டியதும், செய்தியில் நெல் கொள்முதல் பற்றி வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்ததும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனின் அழைப்பு மணிக்குக் காத்திருந்ததும் பதிவாகியிருக்கும்.

அந்த நோட்டிலிருந்து 12 சொற்களை மட்டும் எடுங்கள். தொடக்கத்தில் இதற்கு மேல் வேண்டாம். அவருக்கு அமைந்த 12 இவை: மேல் வரிசையில் 'ஆம்', 'இல்லை', 'வேண்டும்', 'வேண்டாம்'. நடு வரிசையில் 'குடிக்க', 'சாப்பாடு', 'கழிப்பறை', 'வலி'. கீழ் வரிசையில் 'வயல்', 'மகன்', 'என்ன ஆயிற்று?', 'இதில் இல்லை'. 'இல்லை'யும் 'வேண்டாம்' என்பதும் தனித்தனிக் கட்டங்களாக இருப்பதைக் கவனியுங்கள். "வலி இருக்கிறதா?" என்றால் 'இல்லை' வேண்டும்; "காபி தரட்டுமா?" என்றால் 'வேண்டாம்' வேண்டும். இரண்டையும் ஒரே குறுக்குக் கோட்டுப் படத்தில் அடைத்தால், பதில் எதற்கு என்று நாம்தான் ஊகிக்க நேரும்.

கடைசிக் கட்டமான 'இதில் இல்லை' என்பதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால், பலகையில் மிகுந்த மதிப்புள்ள கட்டம் அதுதான். அவர் அதைத் தொட்டால், ஊகிப்பதை நிறுத்திவிட்டு, "ஆளைப் பற்றியா? இடத்தைப் பற்றியா? உடம்பைப் பற்றியா?" என்று பெரிய வகையிலிருந்து சிறிய வகைக்கு இறங்கிக் கேட்க வேண்டும் என்பது நமக்கான உத்தரவு. அப்படிக் கேட்டுக் கண்டுபிடித்த சொல்லை அன்றே நோட்டில் எழுதிவிட்டால், அடுத்த பலகைக்கான சொல் கிடைத்துவிடும்.

மூன்றாம்படி: படமும் தாளும்

கண்ணால் பார்க்கக்கூடிய பொருளுக்கும் ஆளுக்கும் இடத்துக்கும் உங்கள் வீட்டிலேயே எடுத்த புகைப்படம் சிறந்தது. சோற்றுக்கு எமோஜியில் உள்ளது ஜப்பானியக் கிண்ணத்தில் குவித்த சோறு. அவருக்கு வேண்டியது அவருடைய எவர்சில்வர் தட்டும் அதில் சாதமும் குழம்பும். வயலுக்கு அவருடைய வயலையே, வரப்பும் போர்செட்டும் தெரியும்படி, பகலில் எடுங்கள். படம் எடுக்கும்போது பின்னால் துணிக்கொடியோ வேறு சாமான்களோ விழாமல், வெறும் சுவரையோ வேட்டியையோ பின்புலமாக வையுங்கள்; பின்னால் தெரியும் குடத்தைப் பார்த்து அவர் 'குடம்' என்று பொருள்கொண்டால் கட்டம் கெட்டுவிடும்.

'வேண்டும்', 'என்ன ஆயிற்று?', 'இதில் இல்லை' ஆகியவற்றைப் புகைப்படத்தில் பிடிக்க முடியாது. இவற்றுக்குக் கோட்டோவியக் குறிகள் வேண்டும். ஸ்பெயினின் அரகோன் மாநில அரசுக்கு உரிய அராசாக் என்ற தொகுப்பு இதற்கு மிகவும் உதவும். arasaac.org என்ற முகவரியிலிருந்து படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு, ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதி உண்டு. இத்தகைய குறிகளைப் பார்த்தவுடன் யாருக்கும் பொருள் தெரியாது, பயன்படுத்திக் காட்டித்தான் பழக்க வேண்டும். முதல் நாளிலேயே அவர் 'வேண்டும்' குறியைப் புரிந்துகொள்ளவில்லை என்று சோர்ந்து அதை நீக்கிவிடக் கூடாது.

ஏ4 தாளைப் படுக்கை வசமாக வைத்து, ஓரங்களில் ஒரு சென்டிமீட்டர் விட்டு, நான்கு பத்தியும் மூன்று வரிசையுமாகப் பிரித்தால், ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் உயரமும் கிடைக்கும். நடுங்கும் இடது கைக்கு இந்த அளவு போதுமானது. கட்டங்களுக்கு நடுவே தடித்த கோடு வேண்டும். தமிழ்ச் சொல்லைப் படத்தின் மேலே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கீழே போட்டால் சுட்டும் கை அதை மறைத்துவிடும், எதிரே நிற்பவருக்குச் சொல் தெரியாது. அவருக்கு இப்போது படிக்க முடியாவிட்டாலும் சொல் இருக்கட்டும், ஏனெனில் வந்துபோகும் உறவினர்கள் எல்லாரும் அதை ஒரே பொருளில் வாசிக்க அதுவே உதவும். பளபளக்கும் லேமினேஷனில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் படம் தெரியாமல் போவதால், கிடைத்தால் மங்கலான உறையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே தாளை மூன்று பிரதி எடுத்து, கட்டிலருகே ஒன்று, கூடத்தில் ஒன்று, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையில் ஒன்று என வையுங்கள். மூன்றிலும் கட்டங்கள் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

நான்காம்படி: நாம் தொட்டுப் பேசுதல்

எமோஜியை யாரும் யாருக்கும் கற்றுத்தருவதில்லை, அனுப்புகிறோம், வாங்குகிறோம். பலகையைப் பழக்கும் பொறுப்போ பேச முடிந்தவர்களுடையது. "தண்ணீர் எங்கே, காட்டுங்கள் பார்ப்போம்" என்று பெரியவரைப் பள்ளிப்பிள்ளைபோலச் சோதிக்கக் கூடாது. மாறாக, நீங்கள் பேசும்போது நீங்களே தொட்டுக்காட்டுங்கள். "அப்பா, நான் வயலுக்குப் போகிறேன்" என்று சொல்லும்போது 'வயல்' கட்டத்தைத் தொடுங்கள். "காபி குடிக்கிறீர்களா, வேண்டுமா?" என்று கேட்கும்போது 'குடிக்க', 'வேண்டும்' இரண்டையும் அடுத்தடுத்துத் தொடுங்கள். வாக்கியத்தை முழுமையாகவே பேசுங்கள், முக்கியமான சொல்லுக்கு மட்டும் விரல் போகட்டும்.

கேட்டபின் காத்திருங்கள். மனத்துக்குள் மெதுவாகப் பத்து எண்ணும்வரை வாய் திறக்காமல் இருப்பது வீட்டாருக்குக் கடினமாகத்தான் இருக்கும், ஆனால் சொல்லைத் தேடி விரலை நகர்த்த அவருக்கு அந்த நேரம் வேண்டும். அவர் தொட்டதும், தொட்ட சொல்லை உரக்கச் சொல்லி, "வயலைப் பற்றிக் கேட்கிறீர்களா?" என்று சரிபார்த்துக்கொண்ட பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

இப்போது அதே ஜூன் மாதக் காட்சியைப் பலகையோடு பார்ப்போம். அவர் 'வயல்' தொடுகிறார். மனைவி, "வயலா?" என்று கேட்டுக் காத்திருக்கிறார். விரல் சற்று அலைந்து 'என்ன ஆயிற்று?' கட்டத்தில் நிற்கிறது. "வயலில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?" அவர் 'ஆம்' தொடுகிறார். இப்போது மனைவி இரண்டாவது தாளை எடுக்கிறார். அது வயலுக்கென்றே செய்த தாள்: 'வாய்க்கால் தண்ணீர்', 'நாற்று', 'உரம்', 'ஆள்', 'போர்செட்', 'இதில் இல்லை' என ஆறு கட்டங்கள். அவர் வாய்க்கால் படத்தைத் தொடுகிறார். "கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள், அப்படித்தானே? நேற்று ராத்திரி வந்துவிட்டது" என்கிறார் மனைவி. நான்கு தொடுதலும் மூன்று சரிபார்ப்புமாக முடிந்த உரையாடல் இது. குடிநீர் முதல் தாளின் 'குடிக்க' கட்டத்திலும் பாசன நீர் இரண்டாம் தாளிலும் பிரிந்து கிடந்ததால்தான் டம்ளர் வரவில்லை.

இப்படித் தலைப்புக்கு ஒரு தாள் என்று பின்னர் சேர்த்துக்கொண்டே போகலாம். வலிக்கு, உடம்பின் முன்பக்க, பின்பக்கக் கோட்டோவியம் ஒரு தாளாக இருப்பது மிகவும் தேவை. அழும் முகம் வருத்தத்தையும் வலியையும் ஒன்றாக்கிவிடும், எந்த இடம் என்பதையும் சொல்லாது. முகப்படங்களே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. மருத்துவமனைகளில் வலியின் அளவைக் கேட்கக் காட்டும் ஆறு முகங்களின் வரிசை, 0 முதல் 10 வரை ஏறுமுகமாக அடுக்கப்பட்டது. அந்த வரிசையில்தான் அதன் பொருள் இருக்கிறது, தனி முகத்தில் இல்லை.

பலகை கெட்டுக்கொண்டிருப்பதை எப்படி அறிவது?

அவருடைய விரல் எப்போதும் ஒரே மூலைக்குப் போகிறது என்றால், இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும். தாளைத் தலைகீழாகவோ இடம் மாற்றியோ வைத்துப் பாருங்கள். விரல் மறுபடியும் தாளின் அதே பக்கத்துக்கே போனால், மற்றப் பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கருதலாம். படம் இடம் மாறியும் அதே படத்தைத் தேடிப் போனால், அவர் உண்மையிலேயே அதைத்தான் கேட்கிறார், அல்லது முதலில் சொன்னதிலேயே மூளை சிக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது பலகையை மூடி, சற்றுப் பேசாமல் இருந்து, மீண்டும் திறப்பது உதவும். இந்தச் சோதனைக்காக மட்டுமே இடத்தை மாற்றலாம். முடிந்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

அவர் பலகையைப் பார்க்காமல் உங்கள் முகத்தையே பார்த்து விரலை நகர்த்துகிறாரா? உங்கள் முகக்குறிப்பிலிருந்து சரியான கட்டம் எது என்று படிக்கிறார் என்று பொருள். நீங்கள் அதிகமாகச் சோதிக்கிறீர்கள் என்பதன் அடையாளம் அது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பலகை எடுக்கப்படுகிறது, மற்ற நேரத்தில் பீரோ மேல் இருக்கிறது என்றாலும் அவர் பேசுவது குறைந்துவிடும். கையெட்டும் தூரத்தில் இல்லாத பலகையால் அவரால் பேச்சைத் தொடங்க முடியாது, நாம் கேட்டால் பதில் சொல்ல மட்டுமே முடியும்.

சொற்கள் போதவில்லை என்பதும் தெரியவரும். நம் விவசாயி சாப்பாட்டின் நடுவே தட்டைத் தள்ளிவிடுவது வழக்கமானபோது, அதைப் பிடிவாதம் என்று எண்ணாமல் 'போதும்' என்ற கட்டம் இல்லையே என்று எண்ண வேண்டும். 13-வது சொல்லாக அதைச் சேர்ப்பதற்கு மற்ற கட்டங்களை நகர்த்தாமல், கீழே ஒரு புதிய வரிசையைத் திறந்துகொள்ளுங்கள். ஏ4 போதாவிட்டால் ஏ3 தாளுக்குப் போகலாம். கட்டங்களின் வரிசைமுறை மாறக் கூடாது. பத்து, இருபது தாள்கள் சேர்ந்து தூக்க முடியாமல் ஆகும்போது செயலிக்கு மாறுவதைப் பற்றி எண்ணலாம். சென்னையில் உருவான அவாஸ் போன்ற செயலிகள், தொட்ட படத்தைக் குரலாக ஒலிக்கும். ஆனால் காகிதப் பலகை அதன் பிறகும் இருக்கட்டும். குளியலறைக்கும், மின்சாரம் போன புயல் இரவுக்கும் அதுவே கைகொடுக்கும்.

எமோஜிக்கு எங்கே இடம்?

சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேசுவதற்கு வாட்ஸ்அப் வேண்டும், அங்கே எமோஜியும் வேண்டும். அதைத் தடுப்பதில் பயனில்லை. பொருளை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதுதான் வழி. குடும்பம் முழுவதும் கூடி நான்கு அல்லது ஐந்து எமோஜிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் என்றால் 'பார்த்துவிட்டேன்' என்று மட்டும் பொருள், 'சம்மதம்' என்று அல்ல. தொலைபேசிப் படம் என்றால் 'வீடியோ காலில் வா'. கூப்பிய கை நமக்கு வணக்கமாகவும் நன்றியாகவும் வேண்டுதலாகவும் இருப்பதால் அதை இந்தத் தொகுப்பில் சேர்க்காமல் விடலாம். இவற்றுக்கு மேல் சொல்ல வேண்டியதை, பலகையில் அவர் விரல் வைத்திருக்கும்போதே படம் பிடித்து அனுப்பினால், மகனும் அதே பலகையின் பிரதியைப் பார்த்துப் பதில் அனுப்பலாம்.

கடைசியாக ஒரு எல்லை. நிலத்தை எழுதிவைப்பது, வங்கிக் கணக்கை மாற்றுவது, அறுவை சிகிச்சைக்கு ஒப்புவது ஆகியவற்றில், கட்டைவிரல் எமோஜியையோ பலகையில் ஒரே ஒரு தொடுதலையோ சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேள்வியை ஒருமுறை நேராகவும், சிறிது நேரம் கழித்து எதிர்மறையாகவும் கேளுங்கள்: "வடக்கு வயலைத் தம்பிக்குக் கொடுக்கலாமா?" என்று ஒருமுறை, "வடக்கு வயலைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா?" என்று மறுமுறை. முதலாவதற்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்றோ, அதற்கு நேர்மாறாகவோ வந்தால்தான் அவர் கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறார் என்று கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அன்று எந்த முடிவும் எடுக்க வேண்டாம், வேறொரு நாள், அவர் களைப்பில்லாமல் இருக்கும் காலை வேளையில் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அஃபேசியாவால் ஏற்படும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாட்டை மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. தகவல் தொடர்பு என்பதற்குத் தரும் விளக்கத்தில், பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் முறைகளையும் சேர்த்திருக்கிறது. எனவே மருத்துவரிடமோ அலுவலகத்திலோ பலகையை மேசைமேல் வைத்து, "இவர் இதன் வழியாகத்தான் பேசுவார், பதில் வர நேரமாகும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பேசத் தொடங்குவதற்கு முன் அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.